கதவு தட்டும் சத்தத்தோடு எபிசோடை முடிக்காதீர்கள்

கடலூர் முதுநகர் துறைமுகத்தை ஒட்டி நடக்கும் ஒரு ஆடியோ தொடர் எழுதுகிறேன். நான்காவது எபிசோடை முதலில் இப்படித்தான் முடித்திருந்தேன். புயல் கூண்டு ஏற்றிய ராத்திரி, மகன் முருகனைக் காணோம், கடலுக்குத்தான் போயிருப்பான் என்று பதறி செல்வி சங்கத்துக்காரருக்குப் போன் போட்டுத் தேடச் சொல்கிறாள். அப்புறம் டொக் டொக் என்று கதவு. திறக்கிறாள், "ஐயோ!" என்கிறாள், தடதடவென்று இசை, தொடரும். அடுத்த எபிசோடில் பார்த்தால் வந்தது பக்கத்து வீட்டுப் பெண், மெழுகுவத்தி கேட்டு வந்திருக்கிறாள்.

இதுதான் முதல் தவறு. ஒரு வாரம் காத்திருந்தவருக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது: அந்தக் கடைசி அரை நிமிடத்தை வெட்டிவிட்டு அடுத்த எபிசோடைக் கேளுங்கள், கதையில் எதுவும் குறையவில்லை என்றால் அது வெறும் சத்தம்தான்.

திருத்தியபோது கதவு தட்டுவதை வைத்துக்கொண்டேன், ஆனால் வந்தது யார் என்பதை அந்த எபிசோடிலேயே சொல்லிவிட்டேன். அதே பெண்தான், கையில் முருகனின் போன். "அத்தை, சாயங்காலமே இத எங்கிட்ட குடுத்துட்டு பஸ் ஏறிட்டான். உங்ககிட்ட சொல்லலையா?" செல்வி உடனே சங்கத்துக்காரரை அழைக்கிறாள், தேட வேண்டாம் என்று சொல்ல. அவர் முந்திக்கொள்கிறார்: "கவலைப்படாத தங்கச்சி, நாலு போட்டு கெளம்பிடுச்சு." அங்கே நிறுத்தினேன். கேட்டவரிடம் எதையும் மறைக்கவில்லை, ஒரு கேள்விக்குப் பதில் வந்துவிட்டது, அந்தப் பதிலே அதைவிடப் பெரிய கேள்வியைத் திறக்கிறது. ஐந்தாவது எபிசோட் எப்படிப் போனாலும் அந்த நாலு படகுக்கும் செல்வி பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இன்னொரு தவறு, கதை சொல்பவருக்குத் தெரிந்ததைக் கேட்பவரிடம் மறைப்பது. செல்வியே "நான்" என்று கதை சொல்லும்போது, போனில் வந்த மெசேஜைப் படித்து அதிர்ந்துவிட்டு, அதில் என்ன இருந்தது என்று சொல்லாமல் முடித்தால் அது ஏமாற்று. அச்சில் படிக்கும்போது கூடக் கொஞ்சம் பொறுத்துக்கொள்வார்கள், காதுக்குள் ஒருத்தி நம்மிடம் மட்டும் பேசுகிற மாதிரி இருக்கும்போது அது துரோகமாகவே படும். மெசேஜை வாசித்துவிடுங்கள். அவள் அதை வைத்து என்ன செய்யப்போகிறாள் என்பது பாக்கி இருக்கட்டும்.

கடைசியாக இசை. முடிவு வரி நன்றாக இருந்தும் அது முடியும் முன்பே டமார் என்று இசையை ஏற்றிவிடுகிறார்கள். ஹெட்போன் போட்டுக்கொண்டு பஸ்ஸில் கேட்கிறவருக்கு அந்த வரியே காதில் விழாது. நான் "கெளம்பிடுச்சு"வுக்குப் பிறகு இரண்டு விநாடி மழைச் சத்தத்தை மட்டும் விட்டேன், அதற்குள் செல்வி ஒரே ஒரு முறை மூச்சை இழுப்பது கேட்கும், அதன் பிறகுதான் டைட்டில் இசை.