பக்கம் 25 டொலர், 24 மணி நேரம்: மொழிபெயர்ப்பு விளம்பரத்தை நம்பிப் பத்திரத்தைக் கொடுக்கும் முன்

ஸ்காபரோவில் கடைக் கண்ணாடிகளிலும் முகநூலிலும் இப்படி ஒரு விளம்பரத்தைப் பார்த்திருப்பீர்கள்: “பிறப்பு, விவாக, இறப்புச் சான்றிதழ்கள் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு. பக்கம் 25 டொலர். 24 மணி நேரத்தில் கிடைக்கும். தமிழ், ஆங்கிலத் தட்டச்சும் செய்து தரப்படும்.” இதில் விலை இருக்கிறது, நேரம் இருக்கிறது. அந்தப் பத்திரம் எந்த அலுவலகத்துக்குப் போகப்போகிறது என்ற கேள்வி மட்டும் இல்லை. ஒரே பிறப்புச் சான்றிதழுக்கு ஓரிடத்தில் எளிய மொழிபெயர்ப்பே போதும். இன்னோரிடத்தில் அதே தாள் திரும்பி வரும். ஆகவே விலையைக் கேட்பதற்கு முன் இதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

ஒன்ராறியோவுக்கு வரும் ஈழத்தமிழர் பலருக்கு முதலில் தேவைப்படுவது இரண்டு இடங்கள். ஒன்று, அகதிக் கோரிக்கையை விசாரிக்கும் குடிவரவு, அகதிகள் சபை. மற்றது, நிரந்தர வதிவிடம், துணையை அழைத்தல் போன்ற விண்ணப்பங்களைப் பார்க்கும் குடிவரவு அமைச்சு. இரண்டும் ஒன்றென்று நினைப்பவர்கள் அதிகம். மொழிபெயர்ப்பு விதிகளில் இரண்டும் வேறு.

அகதிகள் சபை கேட்பது ஆங்கில அல்லது பிரெஞ்சு மொழிபெயர்ப்பும், அதைச் செய்தவரின் ஓர் எழுத்து உறுதிமொழியும்தான். அந்த உறுதிமொழியில் மொழிபெயர்ப்பாளரின் பெயர், எந்த மொழியிலிருந்து மொழிபெயர்த்தார், மொழிபெயர்ப்பு சரியானது என்ற வாசகம், கையொப்பம் ஆகியவை இருக்க வேண்டும். சங்க முத்திரையோ, நொத்தாரிசு முன் முடித்த சத்தியக் கடதாசியோ இதற்குத் தேவையில்லை. ஊரிலிருந்து வந்த கடிதங்கள், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, பத்திரிகைச் செய்தி என்று பக்கம் பக்கமாக இருப்பவர்களுக்கு இதனால் செலவு நன்றாகக் குறையும். விசாரணைக்கு 10 நாட்களுக்கு முன்பே ஆவணங்கள் சபையின் கையில் கிடைத்துவிட வேண்டும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். லீகல் எய்ட் சான்றிதழில் வழக்கு நடத்துபவர்கள் சொந்தக் காசைக் கட்டும் முன் சட்டத்தரணியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் வழியாகவே மொழிபெயர்ப்புச் செலவைப் பெற வழி இருக்கலாம்.

குடிவரவு அமைச்சுக்கு இது போதாது. அங்கே இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளர். அதாவது தொழில்முறைச் சங்கமொன்றின் உறுப்பினர். அவருடைய முத்திரையில் உறுப்பினர் இலக்கம் தெரிய வேண்டும். ஒன்ராறியோவில் அந்தச் சங்கத்தை இணையத்தில் ATIO என்று தேடினால் கிடைக்கும். அங்கேயே மொழிவாரியாக உறுப்பினர்களைத் தேடலாம். சான்று மொழிக்கு மொழி வேறு, திசைக்குத் திசையும் வேறு. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குச் சான்று பெற்றவர் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் பெற்றிருப்பார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கா என்று கேட்டு, பெயரை அந்தப் பட்டியலில் நீங்களே பாருங்கள்.

இரண்டாவது வழி, சான்று பெறாத ஒருவர் மொழிபெயர்த்து, தனக்கு இரு மொழியும் தெரியும், மொழிபெயர்ப்பு சரியானது என்று நொத்தாரிசு அல்லது சத்தியப்பிரமாண ஆணையாளர் முன் சத்தியக் கடதாசி முடிப்பது. விளம்பரத்தில் “நொத்தாரிசு முத்திரையுடன்” என்று இருந்தால் பெரும்பாலும் இதுதான். நொத்தாரிசு மொழிபெயர்ப்பைச் சரிபார்ப்பதில்லை. அவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. சத்தியம் செய்தவர் இவர்தான் என்பதற்கு மட்டுமே அவர் சாட்சி. ஆகவே பிழை இருந்தால் முத்திரையோடு சேர்ந்தே பிழை போகும்.

எந்த வழியிலும், மொழிபெயர்ப்பாளர் பார்த்து மொழிபெயர்த்த மூலப் பத்திரத்தின் ஸ்கான் அல்லது உறுதிப்படுத்திய பிரதியும் கூடவே போக வேண்டும். விண்ணப்பதாரரும் அவருடைய குடும்பத்தினரும் மொழிபெயர்க்கக் கூடாது. பெற்றோர், சகோதரர், துணை மட்டுமல்ல, மாமா, மாமி, மருமக்கள், ஒன்றுவிட்ட சகோதரர்கூட இதில் அடக்கம். ஆங்கிலம் தெரிந்த மச்சாள் ஒருத்தி வீட்டில் இருக்கிறாள் என்று அவளிடம் கொடுத்து 50 டொலரை மிச்சம் பிடிப்பவர்கள் கடைசியில் முழு விண்ணப்பத்தையும் திருப்பி வாங்குகிறார்கள். உங்கள் விண்ணப்பத்துக்குப் பிரதிநிதியாக நிற்கும் ஆலோசகரும் மொழிபெயர்ப்பைச் செய்யாமல் வேறொருவரிடம் கொடுப்பதே சரி. படிவம் நிரப்புதலும் மொழிபெயர்ப்பும் ஒரே மேசையில் நடக்கும் இடங்களில் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

இனி விலைக்கு வருவோம். கணக்கு விளங்குவதற்காக மேலே சொன்ன விளம்பரத் தொகையையே எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தில் பதிந்த பழைய பிறப்புச் சான்றிதழ் ஒன்று. முன்பக்கத்தில் விபரம், பின்பக்கத்தில் இரண்டு முத்திரைகளும் ஒரு கையெழுத்துக் குறிப்பும். நீங்கள் ஒரு தாள் என்று நினைப்பீர்கள். அவர்களுக்கு அது 2 பக்கம், 50 டொலர். சத்தியக் கடதாசிக்குத் தனியாக 30 டொலர் என்று வைத்தால் 80. ஒன்ராறியோவின் 13 வீத விற்பனை வரி 10.40. மொத்தம் 90.40 டொலர். பக்கத்துத் தெருவில் சான்று பெற்ற ஒருவர் பிறப்புச் சான்றிதழுக்கு மொத்தமாக 60 டொலர் கேட்டால், வரியோடு 67.80 டொலர். சத்தியக் கடதாசி தேவையில்லை. மலிவாகத் தெரிந்த 25 டொலர்தான் கூடுதலாக முடிகிறது.

ஆகையால் “பக்கம் எவ்வளவு?” என்று கேட்காதீர்கள். இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பி, “இதைக் குடிவரவு அமைச்சுக்குக் கொடுக்கும் நிலையில், வரியோடு மொத்தம் எவ்வளவு, எத்தனை பிரதி தருவீர்கள்?” என்று எழுத்தில் கேளுங்கள். பின்பக்கம் வெறும் முத்திரைதானே என்று விட்டுவிட முடியாது. ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இல்லாத முத்திரையும் மொழிபெயர்க்கப்பட வேண்டும். இங்கேதான் நம்மவர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது: சான்றிதழ் தமிழில் இருக்கும், முத்திரை சிங்களத்தில் மட்டும் இருக்கும். தமிழுக்கு மட்டும் சான்று பெற்றவர் அதைத் தன் முத்திரையின் கீழ் மொழிபெயர்க்க முடியாது. கொழும்பிலோ மலையகத்திலோ பிறந்தவர்களின் சான்றிதழே சிங்களத்தில் இருப்பதுண்டு. பணம் கட்டும் முன் முத்திரைகளைப் பெரிதாக்கிப் பார்த்து, சிங்களம் இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள்.

நீண்ட கடிதம், காணி உறுதி போன்றவற்றுக்குச் சொல்லுக்கு இவ்வளவு என்று கேட்பார்கள். எந்த மொழியின் சொற்களை எண்ணுகிறார்கள் என்று கேளுங்கள். தமிழில் ஒரு சொல்லாக நிற்பது ஆங்கிலத்தில் மூன்று நான்காகப் பிரியும். ஆங்கிலச் சொற்களை எண்ணும் ஒருவரின் விலை மலிவாகத் தெரிந்தாலும் கணக்கு ஏறிவிடும்.

“24 மணி நேரம்” என்பது நீங்கள் பேசிய நேரத்திலிருந்து ஓடுவதில்லை. தெளிவான ஸ்கான், பெயர்களின் ஆங்கில எழுத்து, பணம் ஆகிய மூன்றும் கிடைத்த பிறகே ஓடத் தொடங்கும்; பல இடங்களில் சனி, ஞாயிறு சேராது. தாமதத்துக்குப் பெரும்பாலும் காரணம் முதலாவதுதான். வாட்சப்பில் படமாக அனுப்பினால் அது தரத்தைக் குறைத்துவிடும், பதிவாளரின் பழைய கையெழுத்து கரைந்துபோகும். தாளின் நான்கு ஓரமும் தெரிய 300 டிபிஐயில் ஸ்கான் செய்து, பிடிஎஃப் கோப்பாக அனுப்புங்கள். மூலப் பத்திரத்தைக் கடையில் விட்டுவிட்டு வர வேண்டியதில்லை. காட்டிவிட்டுக் கையோடு கொண்டு வாருங்கள்.

இரண்டாவது, பெயர்கள். இதைச் சற்று நின்று கவனியுங்கள். சான்றிதழில் தகப்பனாரின் பெயர் தவராசா என்று இருக்கிறது. கடவுச்சீட்டில் Thavarajah. மொழிபெயர்ப்பாளர் தன் பழக்கத்தில் Thavarasa என்று அடித்துவிட்டால், அதைப் பார்க்கும் அதிகாரிக்கு அது வேறு ஆள். எனவே வேலையைக் கொடுக்கும்போதே, பத்திரத்தில் வரும் ஒவ்வொருவரின் பெயரையும் கடவுச்சீட்டில் உள்ள எழுத்துப்படி ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். தாய், தகப்பன், பாட்டன் எல்லோரும் அதில் வர வேண்டும். கடவுச்சீட்டு இல்லாதவர்களுக்கு, ஏற்கனவே கனடாவில் கொடுத்த படிவங்களில் எப்படி எழுதினீர்களோ அப்படியே எழுதுங்கள்.

எழுத்து வேறுபாடு வேறு, பெயரே வேறாக இருப்பது வேறு. சான்றிதழில் தாயின் பெயர் இராசம்மா, மற்றப் பத்திரங்களில் புவனேஸ்வரி என்றால் மொழிபெயர்ப்பாளர் அதை மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. இருப்பதை இருந்தபடி எழுதுவதே அவர் வேலை. அதற்கு ஊரில் பதிவாளர் வழியாகத் திருத்தம் செய்வதா, இங்கே இரு பெயரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி கொடுப்பதா என்பதைச் சட்டத்தரணியிடம் பேசுங்கள். “மாத்தி அடிச்சுத் தாறன்” என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். அது பொய்ப் பத்திரம்; அதன் விளைவு விண்ணப்பதாரர் தலையில்தான் விழும்.

முத்திரை குத்தும் முன் வரைவை அனுப்பச் சொல்லுங்கள். அதில் பெயர்களுக்கு அடுத்ததாகத் திகதியைப் பாருங்கள். 03.04.1985 என்று அப்படியே போனால் ஏப்ரல் 3ஆ மார்ச் 4ஆ என்ற குழப்பம் கனடாவில் வரும். மாதத்தை எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். பதிவு இலக்கத்தையும் ஒவ்வோர் எண்ணாகத் தொட்டுப் பாருங்கள். முத்திரை விழுந்த பிறகு திருத்தம் என்றால் மறுபடி கட்டணம் கேட்கலாம், சத்தியக் கடதாசியையும் புதிதாக முடிக்க வேண்டிவரும்.

கடைசியாகத் தட்டச்சு. ஊருக்கு அனுப்பும் கடிதம், அற்றோர்ணித் தத்துவத்தின் தமிழ் வரைவு போன்றவற்றை அடித்து வாங்கும்போது எழுத்துரு எது என்று கேளுங்கள். நம்மவர்கள் பலர் இன்னும் பாமினியில்தான் வேகமாக அடிப்பார்கள். பாமினி இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் “அம்மா” என்பது இப்படித் தெரியும்:

```
mk;kh
```

யாழ்ப்பாணத்தில் உள்ள சட்டத்தரணிக்கு மின்னஞ்சலில் போன கடிதம் முழுவதும் இந்தக் கோலத்தில் விரிந்தால் அவர் எதைத் திருத்துவது? யூனிகோடில் வேர்ட் கோப்பு ஒன்றும், அதே கடிதத்தின் பிடிஎஃப் ஒன்றும் கேட்டு வாங்குங்கள். வாங்கியதும் அங்கேயே உங்கள் கைத்தொலைபேசியில் வேர்ட் கோப்பைத் திறந்து பாருங்கள். தமிழ் தமிழாகத் தெரிந்தால் பணத்தைக் கொடுக்கலாம். பாமினியில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றித் தந்திருந்தால் இன்னும் ஒருமுறை வாசியுங்கள். இடையில் ஆங்கிலத்தில் இருந்த பெயர்களும் முகவரிகளும் மாற்றியில் அகப்பட்டு, பொருளில்லாத தமிழ் எழுத்துகளாகிவிட்டிருக்கலாம்.