கடன் முடிந்தும் வில்லங்கத்தில் நின்ற அடமானம்

காட்பாடி வீட்டுக்கு 8 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, 15 வருடம். முதல் தவணை 8,597 ரூபாயில் அசலுக்குப் போனது 1,930தான். ஒரு ரூபாய் அசல் குறைவதன் அருமை அன்றே தெரிந்தது.

கடன் முடிந்து மூலப்பத்திரம் கைக்கு வந்தும் வில்லங்கச் சான்றில் அடமானம் அப்படியே இருந்தது. வங்கியில் “கணக்கு முடிஞ்சிடுச்சு சார்” என்றார்கள். அவர்கள் தந்த பாக்கியில்லா கடிதத்தோடு சார்பதிவாளர் அலுவலகம் போனேன். அது செல்லாது என்றார்கள். நான்கு நாள் அலைச்சல்.

கடைசியில் பத்திர எழுத்தர்தான் வழி சொன்னார்: வங்கி அதிகாரி நேரில் வந்து, கடன் தீர்ந்தது என்று ரசீது ஆவணம் பதிய வேண்டும். அதில், அடமானம் வைத்தபோது பதிந்த உரிமை ஆவண ஒப்படைப்புப் பத்திரத்தின் எண்ணும் வருடமும் சரியாக இருக்க வேண்டும்; கிரயப் பத்திர எண் அல்ல. நான் முதலில் அதைத்தான் கொடுத்திருந்தேன்.

இப்போதும் பழைய பதிவு அழியவில்லை. அதன் கீழே ரசீது தனி வரியாக நிற்கிறது. அந்த வரியைப் பார்த்ததும்தான் நிம்மதி.