சிங்கப்பூரில் பி.ஆர். ஆனதும் சிபிஎஃப்: உங்கள் விகிதத்தை நீங்களே கணக்கிடுவது எப்படி?

எம்ப்ளாய்மென்ட் பாஸிலோ எஸ் பாஸிலோ வேலை பார்க்கும் வரை சம்பளத்தில் சிபிஎஃப் பிடித்தம் கிடையாது. நிரந்தரவாசத் தகுதி கிடைத்த நாளிலிருந்து அது கட்டாயமாகிறது. உங்கள் சம்பளத்தில் ஒரு பங்கை நிறுவனம் பிடித்து, தன் பங்கையும் சேர்த்து மத்திய சேம நிதியில் உங்கள் பெயரில் கட்டுகிறது. ஊரில் பி.எஃப். பிடித்தே பழகியவர்களுக்கு இதுவரை புதிதாக எதுவும் இல்லை. இங்கே விகிதம் எல்லோருக்கும் ஒன்றாக இல்லை என்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. நீங்கள் பி.ஆர். ஆகி எத்தனை ஆண்டு என்பது ஒரு கணக்கு, உங்கள் வயது என்ன என்பது இன்னொன்று. இரண்டும் தனித்தனியாக ஓடும்.

சம்பளச் சீட்டையும் ஒரு கால்குலேட்டரையும் எடுத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

படி 1: சரியான தேதியைக் கண்டுபிடியுங்கள்

பி.ஆர். விஷயத்தில் கையில் பல தேதிகள் இருக்கும். விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகக் கடிதம் வந்த நாள், சம்பிரதாயங்களை முடித்த நாள், நீல அடையாள அட்டை கைக்கு வந்த நாள் என்று வரிசையாக. சிபிஎஃப் கணக்குக்கு வேண்டியது நுழைவு அனுமதியில் நிரந்தரவாசத் தகுதி தொடங்குவதாகக் குறிக்கப்பட்டிருக்கும் நாள் மட்டுமே. அதைத் தனியே குறித்து வையுங்கள். வேலை மாறும்போது புது நிறுவனத்துக்கும் இதே தேதியைத்தான் கொடுக்க வேண்டும். வேலை மாறினால் ஆண்டுக்கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்காது.

படி 2: நீங்கள் எந்த ஆண்டில் இருக்கிறீர்கள்?

பலர் இங்கே ஒரு மாதம் தவறுகிறார்கள். முதல் ஆண்டு என்பது சரியாக 365 நாள் இல்லை. பி.ஆர். ஆன நாளில் தொடங்கி, ஓராண்டு நிறையும் மாதத்தின் கடைசி நாள் வரை அது ஓடும். அடுத்த மாதம் 1ஆம் தேதி இரண்டாம் ஆண்டு. அதிலிருந்து 12 மாதம் கழித்து மூன்றாம் ஆண்டு, அதாவது முழு விகிதம். அதற்குப் பிறகு குடிமக்களுக்கும் உங்களுக்கும் சிபிஎஃப் விகிதத்தில் வித்தியாசம் இல்லை.

ஓர் உதாரணம். 34 வயதுப் பொறியாளர் ஒருவர், மாதச் சம்பளம் 6,000 வெள்ளி, 2024 மார்ச் 12 அன்று பி.ஆர். ஆனார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய முதல் ஆண்டு 2024 மார்ச் 12 முதல் 2025 மார்ச் 31 வரை. இரண்டாம் ஆண்டு 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரை. 2026 ஏப்ரல் 1 முதல் முழு விகிதம். கடைசி வரை இவரை வைத்தே கணக்குப் போடலாம்.

படி 3: விகிதத்தை எடுத்துப் பெருக்குங்கள்

55 வயது வரை உள்ளவர்களுக்கு முதல் ஆண்டில் ஊழியர் 5%, நிறுவனம் 4%. இரண்டாம் ஆண்டில் ஊழியர் 15%, நிறுவனம் 9%. மூன்றாம் ஆண்டிலிருந்து ஊழியர் 20%, நிறுவனம் 17%, மொத்தம் 37%.

பெருக்குவதிலும் ஒரு முறை இருக்கிறது. முதலில் மொத்தத்தைக் கணக்கிட்டு அருகிலுள்ள முழு வெள்ளிக்குக் கொண்டுவர வேண்டும். அப்புறம் ஊழியர் பங்கு, அதில் காசு வந்தால் அதை விட்டுவிட வேண்டும். மிச்சம்தான் நிறுவனத்தின் பங்கு. 5,430 வெள்ளி சம்பளம் வாங்குபவருக்கு இரண்டாம் ஆண்டில் இப்படி வரும்:

```
மொத்தம்     5430 × 24% = 1303.20 → 1303
ஊழியர்      5430 × 15% =  814.50 →  814
நிறுவனம்    1303 − 814            =  489
```

உங்கள் கணக்குக்கும் சீட்டுக்கும் ஒரு வெள்ளி இடித்தால் பெரும்பாலும் இந்த முறையை மாற்றிப் போட்டிருப்பீர்கள்.

இப்போது நம் பொறியாளரிடம் வருவோம். முதல் மாதம் முழுச் சம்பளத்துக்கும் பிடிக்கக் கூடாது, மார்ச் 12 முதல் உள்ள நாள்களுக்கான சம்பளத்துக்கு மட்டும்தான். அந்த மாதம் வேலை நாள் 21, அதில் 12ஆம் தேதியிலிருந்து 14 நாள். ஆகவே 4,000 வெள்ளிக்குத்தான் கணக்கு. அவர் பங்கு 200, நிறுவனத்தின் பங்கு 160. ஏப்ரலிலிருந்து அவர் பங்கு 300, நிறுவனம் 240, கையில் 5,700 வெள்ளி.

அடுத்த ஆண்டு ஏப்ரலில் அவர் பங்கு 900 ஆகிறது. நிறுவனம் 540, கையில் வருவது 5,100. ஒரே மாதத்தில் 600 வெள்ளி குறைகிறது. 2026 ஏப்ரலில் அவர் பங்கு 1,200, நிறுவனம் 1,020, கையில் 4,800. இந்த முறை குறைவது 300 மட்டுமே.

முழு விகிதம் வரும் மூன்றாம் ஆண்டை நினைத்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆனால் பையில் கை வைப்பது இரண்டாம் ஆண்டின் முதல் மாதம். வாடகை ஒப்பந்தமோ கார் தவணையோ போடும்போது முதல் ஆண்டுச் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போட்டால், பதினான்காம் மாதத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

படி 4: வயதுக் கணக்கைச் சேருங்கள்

55 வயதுக்குள் இருப்பவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம். மற்றவர்களுக்கு 55, 60, 65, 70 என்ற வயதுகள் எல்லைக் கற்கள். பிறந்தநாள் வரும் மாதம் முடியும் வரை பழைய விகிதம், அடுத்த மாதம் 1ஆம் தேதி முதல் புதியது. வயது கூடக் கூட விகிதம் குறையும். முழு விகிதம் கட்டுபவர்களுக்கு 2026 ஜனவரி முதல் 55க்கு மேல் 60 வரை மொத்தம் 34%, 60க்கு மேல் 65 வரை 25%, 65க்கு மேல் 70 வரை 16.5%, அதற்கு மேல் 12.5%. முதியவர்களுக்கான முழு விகிதங்களை அரசு சில ஆண்டுகளாக ஜனவரியில் உயர்த்தி வருவதால், பழைய பட்டியலை நம்ப வேண்டாம். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு இவர்களுக்கும் தனிப் பட்டியல் உண்டு.

இரண்டு கணக்கும் மோதும்போது வேடிக்கையான விளைவுகள் வரும். மாதம் 3,000 வெள்ளி சம்பளம் வாங்கும் ஒருவர் 2024 பிப்ரவரி 10 அன்று பி.ஆர். ஆகிறார். 2025 மார்ச்சில் இரண்டாம் ஆண்டு தொடங்கும்போது அவருக்கு 59 வயது. அந்த வயதுக்கு ஊழியர் 12.5%, நிறுவனம் 6%. அவர் 375 கட்டுகிறார், நிறுவனம் 180. ஜூலை 18 அன்று அவருக்கு 60 நிறைகிறது. ஆகஸ்ட் 1 முதல் ஊழியர் 7.5%, நிறுவனம் 3.5%. அவர் பங்கு 225 ஆகவும் நிறுவனத்தின் பங்கு 105 ஆகவும் இறங்குகிறது. ஏழு மாதம் கழித்து, 2026 மார்ச்சில் முழு விகிதம் வந்ததும் இருவரும் தலைக்கு 12.5%, அதாவது 375 வெள்ளி. ஏறி, இறங்கி, மறுபடி ஏறும் இந்தச் சீட்டைப் பார்த்து அவர் சம்பளப் பிரிவில் சண்டை போட்டாலும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் மூன்று தொகையும் சரி.

படி 5: சம்பள உச்சவரம்பு

மாதச் சம்பளம் எவ்வளவு ஆனாலும் ஒரு வரம்பு வரைதான் சிபிஎஃப். 2024இல் அது 6,800 வெள்ளி, 2025இல் 7,400, 2026 ஜனவரி முதல் 8,000. இப்போது 10,000 வெள்ளி வாங்குபவரும் 8,000க்குத்தான் கட்டுவார். போனஸுக்கு மாத வரம்பு பொருந்தாது, ஆண்டு வரம்பான 1,02,000 வெள்ளியில் மாதச் சம்பளத்துக்குக் கணக்கிட்டது போக மீதிக்குத்தான் பிடிப்பார்கள். சீட்டில் சிண்டா என்று சில வெள்ளி இருந்தால் அது இந்திய சமூக நிதிக்கானது, சிபிஎஃப் அல்ல.

படி 6: குறைந்த விகிதமே வேண்டுமா என்று யோசியுங்கள்

முதல் இரண்டு ஆண்டுகளில் குறைவாகப் பிடிப்பது சலுகை போலத் தெரியும். ஆனால் உங்கள் பங்கு குறையும்போது நிறுவனத்தின் பங்கும் குறைகிறது. நம் பொறியாளருக்கு நிறுவனம் முழு 17% கட்டியிருந்தால் முதல் ஆண்டில் மாதம் 780 வெள்ளி, இரண்டாம் ஆண்டில் மாதம் 480 வெள்ளி கூடுதலாக வந்திருக்கும். அந்த முதல் அரை மாதத்தை விட்டுவிட்டு 24 மாதத்துக்கு இது 15,120 வெள்ளி.

சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. நிறுவனம் மட்டும் முழு விகிதம் கட்டி நீங்கள் படிப்படியான விகிதத்தில் கட்டலாம், அல்லது இருவருமே முழு விகிதம் கட்டலாம். இரண்டுக்கும் நிறுவனமும் ஊழியரும் சேர்ந்து சிபிஎஃப் கழகத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். முதல் வகைதான் உங்களுக்கு லாபம், நிறுவனத்துக்குக் கூடுதல் செலவு. அதனால் தானாக யாரும் தர மாட்டார்கள், கேட்டால்தான் உண்டு. வேலை வாய்ப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன் கேட்பது நல்லது, அப்புறம் கேட்டால் பேரம் பேச உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

இருவரும் முழு விகிதம் என்ற வகை, வீவக மறுவிற்பனை வீடு வாங்க நினைப்பவர்களுக்கு யோசிக்கத்தக்கது. நிரந்தரவாசிக் குடும்பம் அந்த வீடு வாங்க மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும், தவணைக்குக் கைகொடுப்பது சிபிஎஃப்பில் உங்கள் சாதாரணக் கணக்கில் சேர்ந்த பணம். நம் பொறியாளர் வயதில் 2,220 வெள்ளி மொத்தத்தில் 1,380 அந்தக் கணக்குக்குப் போகிறது. முதல் ஆண்டின் 540 வெள்ளியில் போவது சுமார் 335 தான். கையில் பணம் இறுக்கமாக இருந்தால் இந்த வகையைத் தொடாதீர்கள், உள்ளே போன பணத்தை நினைத்த நேரத்தில் எடுக்க முடியாது.

படி 7: கட்டினார்களா என்று பாருங்கள்

சீட்டில் பிடித்தம் இருந்தால் மட்டும் போதாது. cpf.gov.sg தளத்தில் சிங்பாஸ் கொண்டு நுழைந்து, மாதவாரியாக வரவு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மாதச் சம்பளத்துக்கான தொகையை நிறுவனம் அடுத்த மாதம் 14ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். ஆகவே 20ஆம் தேதி வாக்கில் பார்த்தால் தெரிந்துவிடும். தாமதித்தால் நிறுவனம் மாதம் 1.5% வட்டி கட்ட நேரும்.

தவறு வழக்கமாக நடக்கும் இடம் ஆண்டு மாறும் மாதம். எனக்கே நடந்தது. சம்பளப் பிரிவு என் தேதியை அடையாள அட்டை கொடுத்த நாளாகப் பதிந்திருந்ததால், இரண்டாம் ஆண்டு தொடங்கி இரண்டு மாதம் முதலாம் ஆண்டு விகிதமே ஓடியது. கையில் அதிகம் வந்ததால் நானும் சந்தோஷமாகக் கவனிக்காமல் இருந்தேன். மூன்றாம் மாதம் தளத்தில் பார்த்தபோது 24%க்குப் பதில் 9% விழுந்திருந்தது. நுழைவு அனுமதியின் நகலை இணைத்து, தொடக்க நாளையும் இரண்டாம் ஆண்டு தொடங்கிய நாளையும் மின்னஞ்சலில் எழுதினேன், விடுபட்ட தொகையை நிறுவனம் கட்டியது. நீங்களும் பதின்மூன்றாவது மாதம் முடிவதற்கு முன்பே அந்த இரண்டு தேதிகளையும் சம்பளப் பிரிவுக்கு எழுதிவிடுங்கள்.