சோலார் பேனல் பிரேம், ரெயில், எர்த்: தொடர்ச்சி எங்கே அறுகிறது, எப்படிக் கண்டுபிடிப்பது?

பேனலின் பிரேம் அலுமினியம். அதைத் தாங்கும் ரெயிலும் அலுமினியம். இரண்டையும் கிளாம்ப் போட்டு இறுக்கியாகிவிட்டது. அப்புறம் ரெயிலில் ஓரிடத்தில் எர்த் ஒயரை மாட்டினால் எல்லா பேனலும் எர்த் ஆகிவிடும் என்றுதான் முதலில் தோன்றும். ஒரு மல்டிமீட்டரை எடுத்து, அதன் இரு முனைகளையும் ஒரே பிரேமின் மேல் ஒரு சாண் இடைவெளியில் லேசாக வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் மீட்டர் ஒன்றுமே காட்டாது. ஒரே உலோகத் துண்டுதான், ஆனாலும் இணைப்பு இல்லை என்கிறது.

இதற்குக் காரணம் அனோடைசிங். துருப்பிடிக்காமல் இருக்க பிரேமின் மேல் அலுமினியம் ஆக்சைடு படலம் ஒன்றை ஏற்றியிருப்பார்கள். தடிமன் சுமார் 10 முதல் 20 மைக்ரான்தான், ஆனால் அது நல்ல மின்காப்பு. ரெயிலின் மேலும் பெரும்பாலும் அதே படலம் இருக்கும். சாதாரண கிளாம்ப் இந்த இரண்டு படலங்களையும் ஒன்றோடொன்று அழுத்துகிறது, அவ்வளவுதான். எங்காவது விளிம்பு உரசிப் படலம் உடைந்திருந்தால் இணைப்பு கிடைக்கும், இல்லையென்றால் கிடைக்காது. எர்த் இணைப்பை அப்படித் தற்செயலுக்கு விட முடியாது.

பிரேம் எர்த் ஆகாவிட்டால் என்ன ஆகும்

12 பேனல்களைத் தொடராக இணைத்த ஒரு வரிசையை எடுத்துக்கொள்வோம். பேனலுக்குச் சுமார் 40 வோல்ட் என்றால் மொத்தம் 480 வோல்ட் டிசி. பேனலுக்கு அடியில் ஒரு கேபிள் பிரேமுக்கும் ரெயிலுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு, காற்றில் உரசி உரசி, அதன் உறை கிழிந்து உள்ளிருக்கும் செம்பு பிரேமைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிரேம் சரியாக எர்த் ஆகியிருந்தால் இன்வெர்ட்டருக்கு இது தெரிந்துவிடும். இன்றைய டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத இன்வெர்ட்டர்கள் காலையில் மின் இணைப்பில் சேர்வதற்கு முன், டிசி பக்கத்துக்கும் எர்த்துக்கும் இடையே உள்ள காப்பு மின்தடையை அளந்து பார்க்கும். அது குறைந்திருந்தால் பிழையைக் காட்டிவிட்டு ஓட மறுக்கும். பிரேம் எர்த்தோடு சேராமல் அந்தரத்தில் நின்றால் கசிவுக்கு வழியே இல்லை. இன்வெர்ட்டர் எல்லாம் நலம் என்று ஓடிக்கொண்டிருக்கும். பிரேமிலோ சில நூறு வோல்ட் வரை சத்தமில்லாமல் ஏறி நிற்கலாம். பேனல் துடைக்க ஏறியவர் ஒரு கையை அந்தப் பிரேமிலும் மறு கையை எர்த் ஆன ரெயிலிலும் வைத்தால் அந்தச் சுற்று அவர் உடல் வழியாகத்தான் முடியும். கூரை விளிம்பில் நிற்பவருக்கு அதிர்ச்சி சிறியதாக இருந்தாலும் கால் தடுமாற அது போதும்.

கேபிள் எதுவும் கிழியாமலேயே கூட எர்த் ஆகாத பிரேமைத் தொட்டால் சுருக்கென்று இருப்பதுண்டு. செல்களும் பிரேமும் கண்ணாடியால் பிரிந்து ஒரு கெப்பாசிட்டர் போல நடந்துகொள்கின்றன. இன்வெர்ட்டர் ஓடும்போது அதன் வழியாகச் சிறு கசிவு வரும். 'லேசாகத்தானே அடிக்கிறது' என்று அதை விட்டுவிடக் கூடாது. பிரேமின் எர்த் விட்டுப்போயிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

படி 1: பேனலை ரெயிலோடு இணைப்பது

வேலையைத் தொடங்கும் முன் இன்வெர்ட்டரை நிறுத்தி, டிசி ஐசொலேட்டரையும் அணைத்துவிடுங்கள். வெயில் இருக்கும்வரை பேனலில் வோல்ட்டேஜ் இருந்துகொண்டேதான் இருக்கும், அதை மறக்க வேண்டாம். உங்கள் ஊர் விதிப்படி உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும் என்றால் அவரையே செய்யச் சொல்லுங்கள். என்ன பார்க்க வேண்டும் என்று தெரிந்துவைத்திருந்தால் அப்போதும் பயன்படும்.

இணைப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதல் வழியில், பிரேமின் ஓரத்தில் எர்த் குறி போட்ட துளையில் போல்ட், நட்சத்திர வாஷர், லக் போட்டு ஒயரைப் பேனலுக்குப் பேனல் கொண்டுபோவார்கள். அந்தத் துளையைத்தான் பயன்படுத்த வேண்டும். புதிதாகத் துளை போட்டால் பேனலின் உத்தரவாதம் போய்விடும். இதில் எனக்குப் பிடிக்காத விஷயம் ஒன்று உண்டு. ஒவ்வொரு பேனலிலும் ஒயரை வெட்டி லக் போட்டால், நடுவில் ஒரு பேனலைக் கழற்றும்போது அதற்கு அப்பால் இருப்பவை எல்லாம் எர்த்தை இழந்துவிடும். இந்த வழியில்தான் போக வேண்டும் என்றால், ஒயரை வெட்டாமல் உள்ளே வைத்துத் திருகி இறுக்கும் வகை லக்கை வாங்குங்கள்.

இரண்டாவது வழி, பல் வைத்த பாண்டிங் வாஷர். துருப்பிடிக்காத எஃகுத் தகடு அது. நடு கிளாம்புக்கு அடியில், பிரேமுக்கும் ரெயிலுக்கும் இடையே உட்காரும். கிளாம்பை இறுக்கும்போது அதன் பற்கள் மேலே பிரேமின் படலத்தையும் கீழே ரெயிலின் படலத்தையும் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பேனல்களையும் ஒரே வாஷர் ரெயிலோடு சேர்த்துவிடும். ஒரு பேனலைக் கழற்றினாலும் ரெயில் அப்படியே இருப்பதால் மற்றவற்றுக்குப் பாதிப்பு இல்லை, கழற்றிய பேனலோடு வாஷரைப் பகிர்ந்த பக்கத்துப் பேனலைத் தவிர. நான் இந்த வழியைத்தான் சொல்வேன்.

கிளாம்பின் கையேட்டில் போட்டிருக்கும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். குறைவாக இறுக்கினால் பல் இறங்காது. முதல் கிளாம்பை இறுக்கியபின் ஒரு முறை கழற்றிப் பாருங்கள். பிரேமில் பல் பதிந்த இடம் பளிச்சென்று வெள்ளியாக மின்ன வேண்டும். சாம்பல் நிறத்தில் ஒரு அழுத்தத் தடம் மட்டும் இருந்தால் படலம் உடையவில்லை. பார்த்தபின் அந்த வாஷரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை வையுங்கள். ஒரு முறை இறுக்கிய பல் மறுபடி சரியாக இறங்காது.

படி 2: ரெயில் இணைப்புகள்

அதிகம் கோட்டை விடுகிற இடம் இதுதான். இரண்டு ரெயில் துண்டுகளைச் சேர்க்கும் இணைப்புத் தகடு எடையைத் தாங்கத்தான் இருக்கிறது. மின்சாரத்தைக் கடத்தும் என்று அதன் கையேட்டில் சொல்லியிருந்தால் ஒழிய அதை நம்ப வேண்டாம். அதற்கும் படலம் உண்டு. அதோடு அந்த இடம் அசைந்துகொண்டே இருக்கும். 6 மீட்டர் அலுமினிய ரெயில், 40 டிகிரி வெப்ப மாற்றத்தில் ஐந்தரை மி.மீ. அளவுக்கு நீண்டு சுருங்கும்.

ஆகவே ஒவ்வோர் இணைப்பின் குறுக்கேயும் ஒரு பாண்டிங் ஜம்பர் போடுங்கள். வெள்ளீயம் பூசிய செம்புப் பின்னலோ, 6 சதுர மி.மீ. நெகிழ்வான ஒயரோ போதும். அதைக் கொஞ்சம் தளர்வாக வளைத்து விடுங்கள். விறைப்பாக இழுத்துக் கட்டினால் ரெயில் நீளும்போது லக் பிய்ந்துவரும். ஒரே வரிசையின் மேல் ரெயிலையும் கீழ் ரெயிலையும், அப்புறம் ஒரு வரிசையை அடுத்த வரிசையோடும் இதே மாதிரி சேர்த்துவிடுங்கள்.

வெறும் செம்பு அலுமினியத்தைத் தொடக் கூடாது. மழை ஈரம் பட்டால் செம்பு அப்படியே இருக்கும், அலுமினியம் அரித்துப்போகும். லக்கைச் சுற்றி வெள்ளைப் பொடி தெரிந்தால் அது நடந்துகொண்டிருக்கிறது. வெள்ளீயம் பூசிய லக்கும் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டும் போடுங்கள். வெறும் செம்பின் மேல் வழிந்த மழைநீர் அலுமினியத்தில் சொட்டினாலும் இதே அரிப்புதான், அதனால் செம்பு ஒயருக்கு உறை இருக்கட்டும்.

படி 3: கீழே எர்த்துக்கு

ரெயிலிலிருந்து 6 சதுர மி.மீ. அல்லது அதைவிடப் பெரிய பச்சை-மஞ்சள் ஒயரை, கட்டடத்தின் முதன்மை எர்த் பாருக்குக் கொண்டுபோங்கள். இடிதாங்கி அமைப்போடு சேர்ப்பதாக இருந்தால் பொதுவாக 16 சதுர மி.மீ. கேட்பார்கள். பேனலுக்கென்று தனியாக ஒரு கம்பியை மண்ணில் அடித்துவிட்டு, அதைக் கட்டடத்தின் எர்த்தோடு சேர்க்காமல் விடுவது தவறு. இடி இறங்கும்போது இரண்டு எர்த்துக்கும் நடுவே பெரிய வோல்ட்டேஜ் வரும், நடுவில் மாட்டிக்கொள்வது இன்வெர்ட்டர்தான்.

படி 4: அளப்பது

மல்டிமீட்டரின் 'பீப்' இதற்கு உதவாது. பல மீட்டர்கள் சில பத்து ஓம் இருந்தாலும் பீப் அடித்துவிடும், அதுவும் மிகச் சிறிய மின்னோட்டத்தில். குறைந்தது 200 மில்லிஆம்பியர் செலுத்தி அளக்கும் லோ-ஓம் மீட்டர் வேண்டும். முதலில் பிரேமுக்கும் எர்த்துக்கும் நடுவே வோல்ட்டேஜ் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அளவீட்டை நிறுத்திவிட்டு, கேபிள் எங்கே கசிகிறது என்று தேடுங்கள்.

அளப்பதற்காக எர்த் பாரிலிருந்து கூரைவரை இழுக்கும் மீட்டரின் நீள ஒயருக்கும் தடை உண்டு. 1.5 சதுர மி.மீ. ஒயர் 25 மீட்டர் இருந்தால் அதுவே 0.3 ஓம். மீட்டரை இதற்குப் பூஜ்யம் செய்துவிட்டுத்தான் அளக்க வேண்டும்.

முனையை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். எர்த் போல்ட்டின் தலையில் வைத்தால் பிரேமுக்கும் போல்ட்டுக்கும் இடையே இருக்கும் இணைப்பு அளவீட்டுக்குள் வராமலே போய்விடும். பிரேமின் அடிப்பக்கம், பயன்படுத்தாத ஒரு துளையின் விளிம்பில் கூரான முனையை அழுத்தித் திருகுங்கள். படலம் உடைந்து எண் நிலைக்கும்.

நான் பார்த்த ஓர் அமைப்பில் 12 பேனல், இரண்டு வரிசை. 6 சதுர மி.மீ. எர்த் ஒயரின் நீளம் 14 மீட்டர். ஒரு மீட்டர் நீளத்துக்கு சுமார் 3 மில்லிஓம் என்று வைத்தால் ஒயர் மட்டும் 0.04 ஓம். இணைப்புகளுக்குக் கொஞ்சம் சேர்த்தால் 0.1க்குள் வர வேண்டும். முதல் வரிசை முழுக்க 0.05, 0.06 என்று வந்தது. இரண்டாவது வரிசையில் முதல் நான்கு பேனல்களும் 0.07. ஐந்தாவது 0.9, ஆறாவது 1.4. பேனலின் மேல் கையை அழுத்தினால் எண் குதித்தது.

வாஷர் இருந்தது 1-2, 3-4, 5-6 ஆகிய பேனல்களின் நடுவே. ரெயில் இணைப்பு வந்தது நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே, அங்கே சாதாரண கிளாம்ப். ஆக, 5ஆவதும் 6ஆவதும் எர்த்துக்குப் போக அந்த இணைப்புத் தகடு ஒன்றுதான் வழி. தகட்டின் இருபுறமும் முனையை வைத்து அளந்தபோது தடை மொத்தமும் அங்கேதான் இருந்தது. மேல் ரெயிலிலும் அதே கதை. இரண்டிலும் ஜம்பர் போட்டபின் கடைசி இரண்டு பேனல்களும் 0.07க்கு வந்தன. பீப் மீட்டரோ பழுதோடு இருந்தபோதும் அதே இடத்தில் அழகாகக் கூவியது.

ஒவ்வொரு பேனலின் எண்ணையும் வரிசைப்படம் ஒன்றில் எழுதி இன்வெர்ட்டர் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். பின்னாளில் பேனல் மாற்றினால் புது வாஷர் போட்டு, அந்தப் பேனலோடு அதன் இருபுறத்துப் பேனல்களையும் மறுபடி அளந்து பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள். கழற்றும்போது எர்த் கடைசியில், மாட்டும்போது எர்த் முதலில்.