ஏ/பி சோதனைத் திட்டத்தில் நான் முதலில் தேடும் தவறுகள்

சுங்கை சிப்புட்டில் பலகாரம், மசாலாத் தூள், சேலை என இணையத்தில் விற்கும் இளையவர்கள், ஒரே பக்கத்தின் இரு வடிவங்களை வருபவர்களுக்குப் பிரித்துக் காட்டி, எதில் அதிகம் விற்கிறது என்று பார்க்கும் சோதனையைத் தொடங்கும் முன் திட்டத்தை என்னிடம் காட்டுவதுண்டு. இரு வடிவங்களும் ஒரே நாளில் ஓடுகின்றனவா, கைப்பேசியில் பக்கம் திறக்கிறதா என்பதையெல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். நான் தேடுவது, ஒரு காலத்தில் நானும் எழுதிய சில வரிகளை.

"வெற்றி தெரிந்தவுடன் நிறுத்திவிடலாம்"

இந்த வரியைக் கண்டால் இன்றும் எரிச்சல் வருகிறது. முறுக்கு விற்கும் ஒரு தங்கையின் திட்டத்தில் இது இருந்தது. பழைய பக்கத்தில் நூற்றுக்கு 5 பேர் வாங்குகிறார்கள். புதிய பக்கம் அதை 6 ஆக்குமா என்பதே கேள்வி. வேறுபாடே இல்லாதபோது இருப்பதாகத் தவறாக முடிவெடுக்கும் வாய்ப்பை வழக்கமான 5% வரம்பில் வைத்து, உண்மையான உயர்வைப் பிடிக்க 80% வாய்ப்பு வேண்டுமானால், ஒவ்வொரு பக்கத்துக்கும் சுமார் 8,200 பேர் தேவை. அவருடைய கடைக்கு நாளொன்றுக்கு 1,000 பேர் வருகிறார்கள். ஆக, பதினேழு நாள். வாரக் கணக்கு முழுமையாக இருக்க மூன்று வாரம் என்றேன்.

மூன்றாம் நாளே அழைத்தார். "அண்ணே, புதிய பக்கம் வென்றுவிட்டது!" பக்கத்துக்கு 1,500 பேர், பழையதில் 75 ஆர்டர், புதியதில் 103. கணக்குப்படி பி மதிப்பு, அதாவது பக்கங்களுக்குள் வேறுபாடே இல்லாவிட்டாலும் இவ்வளவோ இதற்கு மேலோ வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு, 0.03. 5%க்குக் கீழே இறங்கி வரம்பைத் தாண்டியாயிற்று. பிறகென்ன என்றுதான் தோன்றும். ஆனால் அந்த 5% வரம்பு, முடிவில் ஒரே ஒருமுறை பார்ப்பதற்கானது. வேறுபாடே இல்லாத இரு பக்கங்களை கடைசிப் பார்வையும் சேர்த்துச் சம இடைவெளியில் ஐந்து முறை பார்த்து, வரம்பைத் தாண்டியதும் நிறுத்தினால், பொய் வெற்றிக்கான வாய்ப்பு 14% ஆகிறது. பத்து முறை பார்த்தால் 19%.

இன்னொரு தொல்லையும் உண்டு. 1,500 பேரில் வரம்பைத் தாண்ட, வேறுபாடு ஒன்றரைப் புள்ளிக்கு மேல் இருந்தாக வேண்டும். உண்மை உயர்வு ஒரு புள்ளிதான் என்றால், மூன்றாம் நாளில் தெரியும் எந்த வெற்றியும் ஊதிப் பெருத்ததாகவே இருக்கும். அதை நம்பி மாவும் எண்ணெயும் வாங்கிக் குவிப்பவர் பாடு திண்டாட்டம். போதாததற்கு, அந்த மூன்று நாளும் தோட்டத்துச் சம்பளம் வந்த நாட்கள். கையில் காசிருப்பவர் பழகுவதும் மாதக் கடைசியில் வருபவர் பழகுவதும் ஒன்றல்ல.

இடையில் பார்த்தே ஆக வேண்டுமா? எத்தனை முறை என்று முன்பே எழுதி, வரம்பை இறுக்குங்கள். எல்லாப் பார்வைக்கும் ஒரே இறுக்கமான வரம்பை வைக்கும் பொக்கோக் முறையில், ஐந்து பார்வை என்றால் ஒவ்வொரு முறையும் பி மதிப்பு 0.0158க்குக் கீழே இருந்தால்தான் வெற்றி. பக்கம் பழுதாகி ஆர்டரே வராவிட்டால் மட்டும் உடனே நிறுத்தலாம்.

ஐந்து வடிவங்கள்

இரண்டுக்குப் பதில் ஐந்து பக்கங்களைச் சோதித்தால், பக்கத்துக்கு 8,200 வீதம் 41,000 பேர் வேண்டும். அதற்குள் தீபாவளியே முடிந்துவிடும்.

முடிவைப் பார்த்தபின் அளவுகோல்

ஆர்டர் கூடவில்லை, ஆனால் பக்கத்தில் செலவிட்ட நேரம் கூடியது என்று அறிக்கை வரும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத பத்து அளவுகளைப் புரட்டினால், ஏதாவது ஒன்று தற்செயலாக வரம்பைத் தாண்ட 40% வாய்ப்பு இருக்கிறது. அந்த நேரம், விலை எங்கே என்று தேடி அலைந்த நேரமாகவும் இருக்கலாம். திட்டத்தின் முதல் வரியில் ஒரே அளவுகோலை எழுதித் தேதியிடச் சொல்கிறேன். பிறகு கண்ணில் படுவதெல்லாம் அடுத்த சோதனைக்கான கேள்வி.