சீல் உடைந்து கசிந்து வந்த பாடி வாஷ்: விற்பனையாளருக்குப் புகார்க் கடிதம் எழுதுவது எப்படி?

இணையத்தில் வாங்கிய பாடி வாஷ் பாட்டில் கசிந்து வந்துவிட்டால், "பாட்டில் லீக் ஆகியிருக்கிறது, பணத்தைத் திருப்பித் தாருங்கள்" என்று ஒரே வரியில் எழுதி அனுப்பிவிடுபவர்கள் பலர். இப்படிக் கசிவை மட்டும் சொல்லும்போது அது வெறும் அளவுக் குறைவாக எடுத்துக்கொள்ளப்பட்டு, விலையில் ஒரு சிறு பகுதியைத் தருகிறோம், மீதியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்ற பதில் வர இடமுண்டு. சீல் உடைந்திருப்பது அதைவிடப் பெரிய குறை, ஏனெனில் உள்ளே இருப்பது தொழிற்சாலையில் அடைத்த நிலையில்தான் இருக்கிறது என்பதற்கு இனி உத்தரவாதம் இல்லை. ஆகவே கடிதத்தில் சீலை முதலிலும் கசிவை அதற்கு அடுத்தும், இரண்டு தனித்தனிக் குறைகளாக எழுத வேண்டும்.

எழுத உட்காருவதற்கு முன் பாட்டிலைத் துடைக்காமல் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முகவரிச் சீட்டு தெரியும்படி வெளிப்பெட்டி, நனைந்த உட்புறம், பாட்டிலின் முன்பக்கம், பேட்ச் எண்ணும் தயாரிப்புத் தேதியும் உள்ள பகுதி, மூடியைத் திறந்தபின் வாய்ப்பகுதி ஆகிய ஐந்து படங்கள் போதும். இவற்றுள் வாய்ப்பகுதிப் படமே முக்கியமானது. அங்கே ஒட்டியிருக்க வேண்டிய அலுமினியத் தாள் நடுவில் கிழிந்திருக்கிறதா, ஒரு பக்கம் மட்டும் தூக்கிக்கொண்டிருக்கிறதா, அல்லது அடியோடு இல்லையா என்பதைக் கவனித்து, கண்ட நிலையை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பாடி வாஷைத் துளியும் பயன்படுத்த வேண்டாம். பெட்டியையும் எறிந்துவிட வேண்டாம்.

அடுத்து, பில்லைப் பாருங்கள். நாம் வாங்கிய தளத்தின் பெயர் வேறு, பில்லில் விற்பனையாளராக அச்சிடப்பட்டிருக்கும் பெயர் வேறாக இருக்கலாம். கடிதம் அந்த விற்பனையாளருக்கு எழுதப்பட்டு, தளத்தின் குறைதீர் அலுவலருக்கு நகலாகப் போக வேண்டும்.

ரூ.349 விலையுள்ள 250 மி.லி. பாட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டால் கடிதம் இவ்வாறு அமையும்:

பொருள்: ஆர்டர் எண் ______, சீல் உடைந்த நிலையில் வந்த பாடி வாஷுக்கு முழுப் பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

ஐயா / அம்மையீர்,

மேற்கண்ட எண்ணில் நான் ரூ.349 செலுத்தி வாங்கிய 250 மி.லி. பாடி வாஷ் (பில் எண் ______, பேட்ச் எண் ______) ______ அன்று என் முகவரிக்கு வந்து சேர்ந்தது. அன்றே பிரித்துப் பார்த்தபோது, மூடிக்கு அடியிலுள்ள அலுமினியத் தாள் ஒரு பக்கம் பிரிந்து கிழிந்திருந்தது. மேலும், மூடியின் வழியாகத் திரவம் கசிந்து பெட்டியின் உட்புறம் நனைந்திருந்தது. பெட்டியின் வெளிப்புறத்தில் நசுங்கலோ கிழிசலோ இல்லை.

உடலில் பூசும் பொருள் என்பதால், சீல் உடைந்த இதை நான் பயன்படுத்த இயலாது. ஆகவே பாட்டிலை உங்கள் செலவில் திரும்பப் பெற்றுக்கொண்டு, நான் செலுத்திய முழுத் தொகையையும் ______ தேதிக்குள் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். படங்களையும் பில்லின் நகலையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
(பெயர், கைபேசி எண்)

இதில் "யாரோ திறந்து பயன்படுத்தியிருக்கிறார்கள்" என்ற குற்றச்சாட்டு இல்லாததைக் கவனியுங்கள். அதை நம்மால் நிரூபிக்க முடியாது, எழுதினால் பேச்சு அந்தப் பக்கம் திரும்பிவிடும். எத்தனை மி.லி. கசிந்தது என்று ஊகித்து எழுதுவதும் அப்படியே. அளந்து பார்க்காத எண் நம் கடிதத்துக்கே பலவீனம். கோரிக்கையும் ஒன்றாகவே இருக்கட்டும். மாற்றுப் பாட்டில் வேண்டுமென்றால் அதை மட்டும் கேளுங்கள், "பணமோ பொருளோ" என்று எழுதினால் எதைத் தருவது என்பதை அவர்களே முடிவு செய்வார்கள்.

அழகுப் பொருள்களுக்குத் திருப்பி எடுக்கும் வசதி இல்லை என்று பதில் வரக்கூடும். மனம் மாறித் திருப்பித் தருபவருக்கு அந்த நிபந்தனை பொருந்தலாம், ஆனால் குறையுள்ள பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று இந்தியாவின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள், 2020 சொல்கின்றன. புகார் கிடைத்ததைக் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும் என்பதும் அவ்விதிகளிலேயே உள்ளது. முதல் கடிதத்தில் இதைக் குறிப்பிடத் தேவையில்லை என்பது என் கருத்து. மறுப்பு வந்தபின் எழுதும் இரண்டாவது கடிதத்தில் சேர்த்தால் போதும்.

பாட்டிலை எடுத்துச் செல்ல ஆள் வரும்வரை அதை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் நிமிர்த்தி வையுங்கள், ஏனெனில் ஒழுகும் பார்சலைக் கூரியர்காரர் வாங்க மறுக்கக்கூடும். ஒரு மாதம் கடந்தும் தீர்வு கிடைக்காவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்தோ consumerhelpline.gov.in தளத்திலோ புகாரைப் பதியலாம். அப்போது தளம் தந்த புகார் எண்ணும், இக்கடிதத்தை அனுப்பிய தேதியும் கையில் இருக்க வேண்டும்.