கையை மடக்கினால் சுழற்சி ஏன் கூடுகிறது? விளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐஸ் ஸ்கேட்டிங் வீராங்கனை ஒருவர் இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்தபடி ஒற்றைக் காலில் சுழலத் தொடங்குகிறார். நொடிக்கு இரண்டு சுற்று என்று வைத்துக்கொள்வோம். இந்த வேகத்தில் முகம் வந்து போவது நம் கண்ணுக்குத் தெரியும். பிறகு கைகளை இழுத்து மார்போடு அணைக்கிறார். உடனே முகமும் உடையின் நிறமும் ஒன்றாகக் கலங்கிவிடுகின்றன. கனடாவின் ஒலிவியா ஆலிவர் 2015-ல் வார்ஸாவில் நிமிடத்துக்கு 342 சுற்று என்ற வேகத்தை எட்டிக் கின்னஸ் சாதனை படைத்தார். நொடிக்குக் கிட்டத்தட்ட ஆறு சுற்று!

‘கோண உந்தம் மாறாது, ஆகவே வேகம் கூடுகிறது’ என்று மேல்நிலை வகுப்பு மாணவர் எவரும் எழுதிவிடுவார். அது சரியான விடைதான். ஆனால் பல ஆண்டுகள் விடைத்தாள் திருத்திய அனுபவத்தில் சொல்கிறேன்: அந்த ஒரு வரிக்கு அடுத்த வரியில்தான் தவறுகள் தொடங்குகின்றன. வேகம் கூடியது ஏன் என்று இன்னொரு முறை கேட்டால் ‘காற்றின் தடை குறைந்ததால்’ என்று எழுதுபவர்களும் உண்டு. தடை குறைந்தால் வேகம் குறைவது தாமதமாகும், அவ்வளவே. இருந்த வேகத்தைவிட அதிக வேகத்தை அது தராது. காற்றே இல்லாத இடத்திலும் அந்த வீராங்கனை இதே போல வேகமெடுப்பார்.

மற்றத் தவறுகளைப் பார்க்கச் சில எண்கள் தேவை. ஒரு பொருளைச் சுழற்றுவது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லும் அளவு நிலைமத் திருப்புத்திறன். எடை அச்சிலிருந்து தள்ளிப் போகப் போக அது பெருகும். தூரம் இரு மடங்கானால் நான்கு மடங்காகும். சுமார் 55 கிலோ எடையுள்ள நம் வீராங்கனைக்குக் கை விரித்த நிலையில் அது 2.4 (கிலோகிராம் மீட்டர்² அலகில்), மடக்கிய நிலையில் 1.2 என்று தோராயமாகக் கொள்ளலாம். கோண உந்தம் என்பது இதையும் சுழல் வேகத்தையும் பெருக்கி வருவது:

L = I × ω

பனியின் மேல் கூரான இரும்புத் தகட்டில் நிற்பதால் வெளியிலிருந்து வரும் திருப்பு விசை மிகச் சிறியது. கையை மடக்க ஆகும் ஒரு நொடிக்குள் L மாறவில்லை என்றே கொள்ளலாம். I பாதியானால் ω இரு மடங்காக வேண்டும். நொடிக்கு இரண்டு சுற்று, நான்காகிறது.

இங்கேதான் பலர் வேறு வழியில் போகிறார்கள். ‘ஆற்றல் அழிவின்மை விதி இருக்கிறதே, இயக்க ஆற்றல் மாறாது’ என்று தொடங்கி, ½Iω² மாறாது எனக் கணக்கிட்டு, வேகம் √2 மடங்குதான் கூடும், அதாவது நொடிக்கு 2.8 சுற்று என்று முடிக்கிறார்கள். உண்மையில் இயக்க ஆற்றல் மாறுகிறது. கை விரித்த நிலையில் அது சுமார் 190 ஜூல். மடக்கிய பிறகு சுமார் 380 ஜூல். கூடுதலாக வந்த 190 ஜூலைக் கொடுத்தவை அவருடைய தசைகள். ஒரு கையின் எடை சுமார் 2.5 கிலோ. நொடிக்கு இரண்டு சுற்றில் அதை வட்டப்பாதையில் பிடித்து வைக்கவே ஏறக்குறைய 200 நியூட்டன் விசை வேண்டும். அது 20 கிலோ சுமையைத் தூக்குவதற்குச் சமம். உள்ளே இழுக்கும்போது வேகமும் கூடுவதால் நடுவழியில் இது 290 நியூட்டன் வரை போகிறது. சராசரியாக 270 என்று கொண்டு, இரண்டு கைகளையும் 35 சென்டிமீட்டர் உள்ளே கொண்டுவரச் செய்யும் வேலையைக் கணக்கிட்டால், கூடிய அதே 190 ஜூல் கிடைக்கிறது. பார்வைக்கு லேசாகத் தெரியும் அந்த அணைப்பு உண்மையில் கடுமையான உழைப்பு.

அடுத்த தவறு நுட்பமானது. பாடம் நடத்துபவர்களிடமும் இதைக் கண்டிருக்கிறேன். ‘கையின் வேகம் v மாறாது, ஆரம் r குறைகிறது, v = ωr என்பதால் ω கூடுகிறது’ என்பது அந்த விளக்கம். கேட்க அழகாக இருக்கும். விரல் நுனி அச்சிலிருந்து 80 சென்டிமீட்டரில் இருந்து 20 சென்டிமீட்டருக்கு வந்தால் சுழற்சி நான்கு மடங்காக வேண்டும் என்று அது சொல்லும். நம் கணக்கில் கூடியது இரண்டு மடங்கே.

விரல் நுனியைப் பின்தொடர்ந்து பாருங்கள். விரித்தபோது அதன் வேகம் நொடிக்கு 10 மீட்டர். மடக்கியபின் 5 மீட்டர். உடல் வேகமெடுக்கிறது, கை வேகம் இழக்கிறது! கயிற்றில் கட்டிய கல்லைச் சுழற்றிக் கயிற்றை இழுத்தால் கல் வேகமாகும் என்பது உண்மை. ஆனால் அந்தக் கல் தனியாகச் சுழல்கிறது. கையோ ஓர் உடலோடு பிணைந்திருக்கிறது. கை விரித்த நிலையில், உடல் எடையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத இரண்டு கைகளும் மொத்தக் கோண உந்தத்தில் பாதிக்கும் மேல் வைத்திருக்கின்றன. மடக்கும்போது அந்தப் பங்கை உடலிடம் ஒப்படைக்கின்றன.

எப்படி ஒப்படைக்கின்றன? உள்ளே வரும் கை, கயிற்றில் கட்டிய கல்லைப் போலவே, உடலை முந்திச் சுழலப் பார்க்கிறது. தோள் மூட்டும் தசைகளும் அதை முந்த விடாமல் பிடிக்கின்றன. பிடிக்கும் தோளைக் கை சுழலும் திசையில் தள்ளுகிறது. தோள் கையைப் பின்னுக்குத் தள்ளுகிறது. உடலை வேகப்படுத்தும் திருப்பு விசை இதுதான். ‘மையநோக்கு விசை அச்சை நோக்கியே இருக்கிறது, அது எப்படிச் சுழற்சியைக் கூட்டும்?’ என்று குழம்பும் மாணவருக்கு நான் காட்டும் இடம் இந்தத் தோள்தான். ‘மையவிலக்கு விசை தள்ளுவதால் வேகம் கூடுகிறது’ என்ற விடையும் இங்கே விழுந்துவிடுகிறது. வெளிநோக்கி இழுபடுவதாக அவர் உணர்வது, கையை மடக்கும் வேலையைக் கடினமாக்குவது மட்டுமே.

கடைசியாக, வகுப்பில் நான் விரும்பிக் கேட்கும் கேள்வி. தடையின்றிச் சுழலும் முக்காலியில் ஒருவர் இரு கைகளிலும் டம்பெல் பிடித்து, கைகளை விரித்தபடி சுழல்கிறார். டம்பெல்களை அப்படியே விட்டுவிட்டால் என்ன ஆகும்? ‘I குறைகிறது, வேகம் கூடும்’ என்று பெரும்பாலோர் சொல்கிறார்கள். கூடாது, முன்பிருந்த வேகத்திலேயே சுழல்வார். விடுபட்ட டம்பெல்கள் தம் கோண உந்தத்தையும் எடுத்துக்கொண்டு தொடுகோட்டில் போய்விடுகின்றன. அவருடைய உடலை யாரும் தள்ளவில்லை, தோளில் எந்த அழுத்தமும் விழவில்லை. L மாறாது என்பது எந்தப் பொருள்களின் கூட்டுத்தொகைக்கு என்று பார்க்காமல் சூத்திரத்தைப் போட்டதால் வந்த தவறு அது. அதே டம்பெல்களை விடாமல் மார்புக்கு இழுத்திருந்தால் முக்காலி சட்டென்று வேகமெடுத்திருக்கும். செய்து பார்ப்பதானால் ஒரு கிலோ எடைகளோடு, மெதுவான சுழற்சியில் தொடங்குங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். இழுக்கும் அந்த நொடியில் தோளின் மேல் விழும் தள்ளலைக் கவனியுங்கள்.